சொல்லுக்கு ஆணை இடுபவர் யார்?

(களுவாஞ்சிக்குடியில் நடைபெற்ற தமிழ்மொழிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கலைச்சொற் குழுக்களையும் தனித்தமிழ் முயற்சியையும் பற்றி இக்கூட்டத்திற் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். மொழிநூல் கற்ற பேராசிரியர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்று நாம் கூறினோம். "சொல்லால் வயிறு வளர்ப்பவர் நீங்கள்தாமே, நீங்களே பேசுங்கள்" என்று விடை வந்தது. அதை மறுக்க எம்மிடம் வாதம் இல்லை. ஆதலின் எமது தொழிலிலிருந்தே தொடங்குகிறோம்.

இக்கூட்டத்திற்கு வந்த வழியில், நீதிமன்றத்தை அண்டிய தெருவில், வரிசையாகத் தொங்கும் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் பெயருக்குக் கீழே இரண்டு பட்டங்கள் உண்டு. ஒன்று, சட்டத்தரணி. மற்றது, பிரசித்த நொத்தாரிசு. ஒரே பலகையில், ஒரே மையினால், அக்கம்பக்கமாக எழுதப்பட்ட இவ்விரு சொற்களின் வரலாறும் வெவ்வேறு. அவ்வரலாற்றை அறிந்தால், சொல்லுக்கு ஆணை இடுபவர் யார் என்ற வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அப்புக்காத்து போன கதை

சில ஆண்டுகளுக்கு முன் படுவான்கரையிலிருந்து முதியவர் ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "அப்புக்காத்து ஐயா இருக்காரா?" என்று கேட்டார். எம்முடன் பணியாற்றும் இளைஞருக்கு அச்சொல் விளங்கவில்லை. ஏதோ ஊர்ப்பெயர் என்று எண்ணி விழித்தார். அப்புக்காத்து என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். உயர்நீதிமன்றங்களில் வாதாடுபவர் அப்புக்காத்து; வழக்குக்கு வேண்டிய பத்திரங்களை ஆயத்தஞ் செய்து கட்சிக்காரரைக் கவனிப்பவர் பிரக்கிராசி. இவ்விரு சொற்களும் தலைமுறை தலைமுறையாக இந்நாட்டுத் தமிழர் நாவில் இருந்தன. தூய தமிழ் வேண்டுவோர் எத்தனை பேர் முகஞ் சுளித்தும் அவை அசையவில்லை.

அவற்றை அசைத்தது எது? 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம். 1974 சனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தபோது, அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரு வகுப்பும் ஒழிந்து ஒரே வகுப்பு ஆயின. அவ்வொரு வகுப்புக்குத் தமிழிற் சட்டத்தரணி என்று பெயர். பதவி போயிற்று, பதவியோடு சொல்லும் போயிற்று. ஒரு தலைமுறைக்குள், எம் அலுவலக இளைஞருக்கு அப்புக்காத்து புரியாத சொல்லாகிவிட்டது. எந்தத் தமிழ்க் கழகமும் தீர்மானம் நிறைவேற்றிப் பெறாத வெற்றியைச் சட்டப்பிரிவு ஒன்று தற்செயலாகப் பெற்றது.

ஆனால் நொத்தாரிசைப் பாருங்கள். அதுவும் ஒல்லாந்தச் சொல்லே. அது போகவில்லை. ஏன்? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி கைமாறுவதானால் நொத்தாரிசின் முன் உறுதி முடிக்கவேண்டும் என்கிறது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அப்பதவியை ஒழுங்கு செய்கிறது. இரண்டும் இன்றுவரை உயிரோடுள்ளன. உங்கள் வீட்டுப் பெட்டகத்திலுள்ள உறுதியை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் காலத்து உறுதியிலும் அச்சொல், பேரன் பெயருக்கு எழுதிய உறுதியிலும் அச்சொல். காணி உரித்தையே தாங்கி நிற்கும் ஒரு சொல்லை, அது பிறநாட்டுச் சொல் என்ற ஒரே காரணத்துக்காக மாற்றத் துணிபவர் யார்?

ஆகவே முதலாவது முடிபு இது: பதவியையும் படிவத்தையும் கையொப்பத்தையும் சார்ந்த சொல், அவை உள்ளவரை வாழும், அவை போனாற் போகும். சொல்லின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை யாரும் கேட்பதில்லை.

இதற்கும் ஒரு புறநடை உண்டு; அதை மறைத்தால் நாம் நேர்மையற்ற சாட்சியாவோம். விதானைப் பதவி 1963இல் ஒழிக்கப்பட்டது. கிராம சேவகர் வந்தார். பின்னர் அவர் கிராம சேவையாளர் ஆனார், கிராம உத்தியோகத்தர் ஆனார், கிராம அலுவலரும் ஆனார். வதிவிடச் சான்றிதழ் கொண்டுவருமாறு ஓர் அம்மையாரிடம் நாம் சொன்னபோது அவர் கேட்டது என்ன தெரியுமா? "விதானையார்ட கடுதாசிதானே ஐயா?" அவருடைய மகளோ "ஜீ.எஸ்." என்று ஆங்கில எழுத்துகளாற் சொன்னாள். அரசு பெற்றுப் பெயரிட்ட நான்கு பிள்ளைகளில் ஒன்றையேனும் அந்த வீடு ஏற்கவில்லை. பெயர் மாறினும், வீட்டு வாசலில் நின்று கடிதம் தரும் வேலை மாறவில்லை. ஆதலின் பழைய சொல்லே போதும் என்று தாய் இருந்தாள். புதிய சொல்லோ நிலைக்குமுன் மாறி மாறி வந்தது. ஆதலின் இரண்டெழுத்துச் சுருக்கமே போதும் என்று மகள் இருந்தாள். அடிக்கடி மாற்றப்படும் சொல் வேரூன்றாது என்பது இதனாற் கிடைக்கும் படிப்பினை.

மானிப்பாயிலே ஒரு மருத்துவர்

இனி, பதவி பின்னே இல்லாத சொற்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவங் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் எனப் பல துறைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழில் வெளிவந்தன. சொல்லாக்கத்தில் அவர் கையாண்ட முறை தெளிவானது. தமிழிற் சொல் உண்டா என்று முதலிற் பார். இல்லையேல் வடமொழியிற் பார். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. அவரிடம் கழகமும் இல்லை, அரசாணையும் இல்லை. மாணவரும் அச்சுக்கூடமும் இருந்தனர்.

அச்சொற்கள் இன்று எங்கே? நூலகத்திலே. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அது ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்க்கே போயிற்று. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். தமிழில் மருத்துவம் படித்தவனுக்கு வேலையில்லை என்றான பின், தமிழ் மருத்துவச் சொல்லை யார் கற்பார்? அச்சொற்களிற் பிழை கண்டு எவரும் அவற்றைத் தள்ளவில்லை. சொல்லுக்குச் சோறு போடுவார் இல்லாததால் அவை பட்டினியால் இறந்தன.

எம் மண்ணின் துறவி

இங்கிருந்து தெற்கே கடற்கரை வழியாகச் சென்றால் காரைதீவு. அவ்வூரிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரை இப்பகுதியில் அறியாதார் இலர். அவரை யாழ்நூல் தந்த பெரியாராகவே பெரும்பாலும் நினைவு கூர்கிறோம். அவர் விஞ்ஞானம் பயின்றவர் என்பதையும், சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர் என்பதையும் மறந்துவிடுகிறோம். 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கூட்டிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. அம்முயற்சியின் பயனாக 1938இல் ஏறத்தாழ 10,000 கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன.

நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகளுள் சென்னை அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் வேறொரு குழுவை அமைத்தது. வடமொழிச் சார்பான சொற்களையே அக்குழு விரும்புகிறது என்று தமிழறிஞர் பலர் கொதித்தெழுந்தனர். கிளர்ச்சி நடந்தது, குழுவின் அமைப்பு மாற்றப்பட்டது. ஆக, ஒரே மாகாணத்தில் ஒரே பொருளுக்குச் சங்கத்தின் சொல் ஒன்று, அரசின் சொல் ஒன்று, பத்திரிகையின் சொல் ஒன்று. எது வெல்லும் என்று மாணவன் அறியான், ஆசிரியரும் அறியார். அதனாலேயே தமிழ்நாட்டில் ஒரு வாயு பிராணவாயுவாகவும் உயிர்வளியாகவும் ஆக்சிஜனாகவும் உலாவுகின்றது.

இலங்கையிலோ கதை வேறு. 1950களில் மேல்வகுப்புகளிலும் தாய்மொழிக் கல்வி பரவியபோது விஞ்ஞானப் பாடங்களுக்குச் சொற்கள் அவசரமாக வேண்டியிருந்தன. அரசகரும மொழித் திணைக்களத்தார் துறை துறையாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். அவர்கள் கைக்கொண்ட நெறியை நீங்கள் கவனிக்கவேண்டும். உலகெங்கும் வழங்கும் மூலகப் பெயர்களை அவர்கள் மாற்றவில்லை. ஆனால் அவற்றைக் கிரந்த எழுத்தின்றித் தமிழ் ஒலிமரபுக்கு இணக்கினார்கள். ஒட்சிசன், ஐதரசன், நைதரசன், காபன் என்றார்கள். பொருள் பிறநாட்டது, உடை தமிழுடையது. அதிலும் நுட்பமானது சொற்சேர்க்கை. காபனோடு ஒட்சிசன் ஒரு பங்கு சேர்ந்தால் காபனோரொட்சைட்டு; இரு பங்கு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு. ஓர் என்றும் ஈர் என்றும் நம் பாட்டியர் எண்ணிய எண்ணே இரசாயனச் சூத்திரத்தின் எண்ணாக நடுவில் நிற்கிறது. வகுப்பிலுள்ள பிள்ளை சொல்லைக் கேட்டவுடனே அணுக்கணக்கை அறிந்துகொள்கிறது.

இது தூய தமிழா? அன்று. அப்பாடத்தின் பெயரே இரசாயனவியல், அது வடசொல். தமிழ்நாட்டார் வேதியியல் என்றும் இயற்பியல் என்றும் சொல்வதை நாம் இரசாயனவியல் என்றும் பௌதிகவியல் என்றும் சொல்கிறோம். ஆயினும் களுவாஞ்சிக்குடிப் பிள்ளையும் பருத்தித்துறைப் பிள்ளையும் ஹற்றன் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே சொல்லைத்தான் எழுதுகின்றன. 2021இல் பெருந்தொற்று மூச்சை அடைத்தபோது எமது நாளேடுகள் பலவும் ஒட்சிசன் என்றே அச்சிட்டன. காரணம் என்ன? ஒரே பாடத்திட்டம், ஒரே அரசாங்கப் பாடநூல், ஒரே பரீட்சை. விடைத்தாளில் அச்சொல்லை எழுதினாற் புள்ளி உண்டு. அவ்வளவுதான் மந்திரம்.

எனினும் அவ்வெற்றிக்கும் வேலி உண்டு. உயர்தரப் பரீட்சை முடிந்து மருத்துவபீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ போகும் பிள்ளை, படலையிலேயே அச்சொற்களைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறது. அங்கே கல்வி ஆங்கிலத்தில். கிறீனின் சொற்களைக் கொன்ற நோய் ஒட்சிசனுக்கும் இல்லாமல் இல்லை. அது பள்ளிக்கூட எல்லையில் நின்று காத்துக்கொண்டிருக்கிறது.

தூய்மை வென்ற இடம்

அப்படியானால் தனித்தமிழ் இயக்கம் வீண்முயற்சியா? அல்லவே அல்ல. 1916இல் வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட பெரியாரிடம் அரசாங்கம் இருந்ததா? திணைக்களம் இருந்ததா? ஒன்றும் இல்லை. ஆயினும் இன்று நாம் ஒருவரையொருவர் கண்டால் நமஸ்காரம் என்கிறோமா? வணக்கம் என்கிறோம். இக்கூட்டத்துக்கு அக்கிராசனர் இல்லை, தலைவர் இருக்கிறார். நாம் செய்வது உபந்நியாசம் அன்று, சொற்பொழிவு. தேர்தலில் நிற்பவர் அபேட்சகர் அல்லர், வேட்பாளர். இவை ஆணையால் வந்தவை அல்ல. மேடையிற் பேசியவர் சொன்னார், பத்திரிகை அச்சிட்டது, கேட்டவர் விரும்பி ஏற்றார். அவை முன்பே உள்ள தமிழ்ச் சொற்கள், அல்லது கேட்டவுடன் விளங்கும் சொற்கள். அவற்றைச் சொல்வதில் ஒரு பெருமிதமும் இருந்தது.

அதே இயக்கம் அன்றாடக் கைப்பொருளின் பெயரிலே தோற்றது. கதிரையும் மேசையும் அலுமாரியும் சாவியும் பறங்கியர் தந்தவை என்று எத்தனை முறை சொன்னாலும், வீட்டில் இருப்பவர் அவற்றை விட்டாரில்லை. கையில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது, இன்னொன்றை வாங்கென்று எவரையும் வற்புறுத்த முடியாது. வெற்றிடத்திலேதான் புதுச்சொல் குடியேறும்.

எமது நீதிமன்றத்திலேயே அதற்குச் சான்று உண்டு. பிடியாணை, விளக்கமறியல் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிப்பதற்கு இடும் ஆணை பிடியாணை. மறியல் என்பது சிறைக்கு மக்கள் வழங்கிய பழஞ்சொல். விளக்கம் முடியும்வரை வைக்கும் மறியல் விளக்கமறியல். எழுத்தறியாத தாயும், "மகனை விளக்கமறியலில வைச்சிருக்காங்க ஐயா" என்று கண்ணீரோடு வந்து சொல்கிறாள். அவளுக்கு அச்சொல்லை எந்தக் கழகமும் கற்பிக்கவில்லை. துன்பம் கற்பித்தது, சொல்லும் தன் பொருளைத் தானே விளக்கியது.

பிரான்சு தந்த தீர்ப்பு

சொற்கழகம் என்றவுடன் உலகத்தார் பிரெஞ்சுக் கழகத்தையே காட்டுவர். 1635இல் நிறுவப்பட்ட அது தன் முதல் அகராதியை 1694இல் வெளியிட்டது. எட்டாம் பதிப்பு 1935இல் முடிந்தது. ஒன்பதாம் பதிப்பு 2024இலேதான் நிறைவெய்தியது. இடையே 89 ஆண்டுகள்! அகராதி அச்சேறுமுன் சொல்லாட்சி எங்கோ போய்விடுகிறது.

அந்நாட்டு அரசு 1994இல் மொழிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அரசு அங்கீகரித்த கலைச்சொற்களையே எல்லோரும் வழங்கவேண்டும் என அதில் ஏற்பாடு இருந்தது. அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அவ்வாண்டு யூலை 29ஆந் திகதி தீர்ப்பளித்தது. அரசாங்க நிறுவனங்களும், பொதுச்சேவை ஆற்றுவோரும் இன்ன சொல்லையே வழங்கவேண்டும் என்று அரசு விதிக்கலாம். தனியாரையும் பத்திரிகையையும் வானொலியையும் அவ்வாறு கட்டுப்படுத்தல் ஆகாது. அது 1789ஆம் ஆண்டுப் பிரகடனம் காத்த பேச்சுரிமைக்கு மாறானது என்றது. சட்டம் படித்தவர் என்ற முறையில் இத்தீர்ப்பை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். அரசு தன் எழுதுகோலுக்கு ஆணையிடலாம். குடிமகனின் நாவுக்கு ஆணையிடலாகாது.

கடைசிப் பிரிவைப் படியுங்கள்

நண்பர்களே! இவ்வளவும் சொன்னது பொழுது போக்குவதற்கு அன்று. எமது நாட்டிலே அரசின் எழுதுகோல் தமிழுக்கு என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழி ஆக்கப்பட்டது. 1987இல், அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தத்தால், தமிழும் ஓர் அரசகரும மொழி ஆயிற்று. சட்டங்கள் இரு மொழியிலும் வெளியாகின்றன. நல்லது. ஆனால் பாராளுமன்றம் இயற்றும் சட்டம் ஒன்றை எடுத்து, அதன் கடைசிப் பிரிவைப் படித்துப் பாருங்கள். சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் ஒவ்வாமை ஏற்படின் சிங்கள வாசகமே மேலோங்கும் என்ற கருத்து அங்கே இருப்பதைக் காண்பீர்கள். வழமையாகச் சேர்க்கப்படும் பிரிவு அது.

இதன் விளைவு என்ன? சட்டச் சொல்லொன்றின் பொருள் நீதிமன்றத்திலே வாதாடப்பட்டு, எதிர்வாதம் கேட்கப்பட்டு, தீர்ப்பினால் வரையறுக்கப்படும்போதே உறுதி பெறுகிறது. தமிழ்ச் சொல்லின் பொருளைப் பற்றி ஐயம் எழுந்தவுடன், அதை மூடிவைத்துவிட்டுச் சிங்களச் சொல்லைப் பார் என்று சட்டமே சொல்லுமானால், தமிழ்ச் சொல் எக்காலத்திற் சோதிக்கப்படும்? எமது மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கு தமிழிலேயே நடக்கிறது. மேன்முறையீடு கொழும்புக்குப் போனதும் ஆங்கிலத்தில் வாதாடுகிறோம். தீர்ப்பும் ஆங்கிலத்தில் வருகிறது. ஆகவே தமிழ்ச் சட்டச் சொல் கீழ்நீதிமன்றத்திற் பிறந்து, மேல்நீதிமன்றத்தைக் காணாமலே வாழ்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் கவலை இல்லை. விளங்காத தமிழை எழுதினால் யார் கேட்கப் போகிறார்? மேலோங்குவது வேறு வாசகம் அல்லவா?

இந்நிலையில், நூறு அறிஞர் கூடி ஆயிரம் தூய சொற்களை ஆக்கினாலும் அவை வெறும் அலங்காரம். தூய்மையைப் பற்றிச் சண்டையிடுமுன் அதிகாரத்தைப் பற்றிக் கேட்கவேண்டும். இரு வாசகங்களுக்கும் சம வலு உண்டு என்று அப்பிரிவு திருத்தப்படுமானால், மறுநாளே நிலை மாறும். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லிலும் ஒருவருடைய காணியோ விடுதலையோ தங்கியிருக்கும். அப்போது வரைபவர் கவனமாக வரைவார். நாமும் கவனமாக வாதாடுவோம். நீதிபதியும் சொல்லின் எல்லையைத் தமிழிலே அளப்பார்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எமக்கு வரும் அரசாங்கக் கடிதத்தில் விளங்காத சொல் இருந்தால் விட்டுவிடாதீர்கள். "இதன் பொருள் யாது?" என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். எருவில் பற்றிலிருந்து ஒரு கடிதம் போனால் அலுவலர் அதைக் கோவையில் வைத்துவிடுவார். நூறு கடிதம் போனால் சொல்லை மாற்றுவார். விபுலாநந்தர் காலத்திலே சொல்லாக்கம் அறிஞர் கையில் இருந்தது. இன்று அதன் மறுபாதி, கடிதம் பெறும் உங்கள் கையில் இருக்கிறது.